கட்டரால் வெட்டிய கம்பி கார்பன் அணுவைக் காட்டிய கதை

எஸ்டிஎம் என்று ஆய்வகங்களில் சுருக்கமாக அழைக்கப்படும் ஸ்கேனிங் டனலிங் நுண்ணோக்கியில் வேலை பழகப் போனபோது, அதன் ஊசியை ஏதோ தனி இயந்திரத்தில் தீட்டுவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். வழிகாட்டி கையில் கொடுத்ததோ கால் மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளாட்டினம்-இரிடியம் கம்பி, ஒரு குறடு, ஒரு கட்டர். கம்பியைக் குறடால் பிடித்து, கட்டரைச் சாய்வாக வைத்து, வெட்டும்போதே வெளிப்பக்கமாக இழுக்க வேண்டும். பாதி வெட்டுப்பட்டு பாதி பிய்ந்து வரும் அந்த முனைதான் ஊசி. சாதாரண நுண்ணோக்கியில் பார்த்தால் அது கரடுமுரடான ஓர் உலோகச் சில்லு. இதை வைத்துக்கொண்டு அணுவைப் பார்ப்பதா என்ற சந்தேகம் எனக்கு நியாயமாகவே வந்தது.

சந்தேகம் தீர்ந்தது ஒரு சிறு கணக்கில். ஊசிக்கும் பரப்புக்கும் நடுவே ஒரு நானோமீட்டருக்கும் குறைவான இடைவெளி இருந்தால், எலக்ட்ரான்கள் அந்த இடைவெளியை ஊடுருவிக் கடக்கின்றன. அந்த மின்னோட்டம் இப்படி மாறுகிறது:

I ∝ V · e^(−2κd)

இதில் I மின்னோட்டம், V ஊசிக்கும் பரப்புக்கும் இடையிலான மின்னழுத்தம், d இடைவெளி. κ என்பது எலக்ட்ரானைப் பரப்பிலிருந்து வெளியே எடுக்கத் தேவையான ஆற்றலின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உலோகங்களில் அந்த ஆற்றல் 4 அல்லது 5 எலக்ட்ரான் வோல்ட். 4 என்று வைத்தால் 2κ நானோமீட்டருக்கு ஏறத்தாழ 20 ஆகிறது. அதாவது ஊசியை 0.1 நானோமீட்டர் பின்னுக்கு இழுத்தாலே மின்னோட்டம் எட்டில் ஒரு பங்காகிவிடும். இப்போது அந்தக் கரடுமுரடான முனையை நினைத்துப் பாருங்கள். எங்கோ ஓர் அணு மற்றவற்றைவிட ஓர் அடுக்கு, அதாவது சுமார் 0.25 நானோமீட்டர், முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். பின்னால் நிற்கும் ஒவ்வோர் அணுவும் அது கடத்தும் மின்னோட்டத்தில் 150இல் ஒரு பங்கைத்தான் கடத்தும். ஊசி எவ்வளவு மொண்ணையாக இருந்தாலும், மின்னோட்டத்தின் கண்ணுக்கு அது ஒற்றை அணுதான்.

ஜூரிச்சுக்கு அருகிலுள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் பின்னிக், ரோரர் குழுவினர் 1981இல் முதலில் நிறுவிக் காட்டியதும் இந்த அடுக்குக்குறி வளைகோட்டைத்தான். படங்கள் அதற்குப் பிறகு வந்தவை. அந்த வரிசை சரியானது என்பதை என் சொந்த வேலையில் உணர்ந்தேன். வளைகோடு சரியாக வராத ஊசியிடம் படம் கேட்பது வீண்.

மாதிரிக்குக் கிராஃபைட்டை எடுத்துக்கொண்டோம். ஒட்டும் டேப்பை அதன்மேல் ஒட்டி உரித்தால் மேலடுக்கு பிரிந்து, காற்றிலேயே வேலை செய்யக்கூடிய புதிய தட்டையான பரப்பு கிடைக்கும். பூதக்கண்ணாடி வழியாக, பளபளக்கும் கிராஃபைட்டில் ஊசியின் பிம்பத்தைப் பார்த்தபடியே ஊசியும் பிம்பமும் கிட்டத்தட்டத் தொடும்வரை கொண்டுபோவோம். மீதித் தூரத்தைக் கருவி தானே கடந்து, மின்னோட்டம் 1 நானோஆம்பியர் வந்ததும் நின்றுவிடும். மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட்.

அடுத்து, இடைவெளியைக் காக்கும் பின்னூட்டச் சுற்றை ஒரு நொடிக்கும் குறைவாக நிறுத்திவைத்து, ஊசியைச் சிறிது பின்னுக்கு இழுத்து, மின்னோட்டம் எப்படி விழுகிறது என்று பதிவு செய்வோம். மின்னோட்டத்தின் மடக்கையைத் தூரத்துக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு வர வேண்டும். முதலில் கிடைத்த கோடு நேராகத்தான் இருந்தது. சாய்வுதான் உதைத்தது. 0.1 நானோமீட்டர் இழுத்தபின் எட்டில் ஒரு பங்குக்குப் பதிலாக 0.6 நானோஆம்பியர் மிச்சமிருந்தது. திருப்பிக் கணக்கிட்டால் எலக்ட்ரானை வெளியே எடுக்கத் தேவையான அந்த ஆற்றல் கால் எலக்ட்ரான் வோல்ட்தான் வருகிறது. கிராஃபைட்டுக்கு அது 4.5 அளவில் இருக்க வேண்டும்.

காரணம் காற்று. பரப்பின்மீது ஈரமும் அழுக்கும் மெல்லிய படலமாகப் படிகின்றன. ஊசி அந்தப் படலத்தை அழுத்திக்கொண்டு நிற்கிறது. கிராஃபைட்டும் சற்று உள்வாங்குகிறது. ஊசியைப் பின்னுக்கு இழுக்கும்போது உள்வாங்கிய பரப்பும் கூடவே எழும்பி வருவதால், ஊசியை நகர்த்தும் பீசோ படிகம் நகர்ந்த அளவுக்கு இடைவெளி உண்மையில் கூடுவதில்லை. புதிதாக உரித்த பரப்பில், 3 வோல்ட் துடிப்பு ஒன்றை ஊசிக்குக் கொடுத்துவிட்டு மறுபடி அளந்தபோது, அதே தூரத்தில் மின்னோட்டம் 0.37 ஆக விழுந்தது. ஏறத்தாழ 1 எலக்ட்ரான் வோல்ட். வெற்றிடத்தில் இதை ஏற்கமாட்டார்கள். காற்றில் இது நல்ல ஊசிக்கு அடையாளம்.

பின்னூட்டத்தைச் சரிசெய்வதுதான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. அடுக்குக்குறியின் குறும்பு இங்கே வேறு வடிவில் வருகிறது. பரப்பில் ஒரு படி மேலே ஏறினால் இடைவெளி 0.1 நானோமீட்டர் குறைந்து, தூய உலோகக் கணக்கில், மின்னோட்டம் 8 நானோஆம்பியர் ஆகிறது, பிழை 7. அதே அளவு படி இறங்கினால் மின்னோட்டம் 0.12 ஆகிறது, பிழை 0.88 மட்டுமே. மின்னோட்டத்தை அப்படியே பிழையாக எடுத்தால் ஊசி துள்ளிப் பின்வாங்கும், சோம்பலாகக் கீழிறங்கும். படத்தில் படிகளின் ஒரு பக்கம் மட்டும் இழுபட்டுத் தெரியும். மின்னோட்டத்தின் மடக்கையைப் பிழையாக எடுக்கும் அமைப்புக்கு மாறியதும் இரு திசையிலும் எதிர்வினை சமமாகியது. கருவியை வடிவமைத்தவர்கள் அந்தப் பொத்தானை ஏதோ கூடுதல் வசதிபோல ஓரத்தில் வைத்திருந்தது எனக்கு இன்னும் எரிச்சல்தான்.

அதிர்வும் இதே விதிக்குள் அடங்கும். இடைவெளி ஒரு பிகோமீட்டர் ஆடினால், அதாவது நானோமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆடினால், மின்னோட்டம் 2 சதவீதம் ஆடும். கருவிக்குப் பக்கத்தில் யாராவது பேசினால் திரையில் தெரிந்துவிடும்.

திரையில் முதன்முதலாக வரிசையாகப் புள்ளிகள் தோன்றியபோது வழிகாட்டி பாராட்டவில்லை. "ஸ்கேன் அளவைப் பாதியாக்குங்கள், பிறகு திசையைத் திருப்புங்கள்" என்றார். மின் இரைச்சலும் அழகான கோடுகளைப் போடும். ஆனால் அது நேரத்தோடு கட்டுண்டது. ஸ்கேன் அளவைக் குறைத்தாலும் திரையில் அதே இடைவெளியில் நிற்கும். அணுக்களாக இருந்தால் இரு மடங்கு பெரிதாகும், திசையைத் திருப்பினால் அவையும் திரும்பும். எங்கள் புள்ளிகள் பெரிதாயின, திரும்பின. கருவி நிலைக்கு வரும் முன் எடுத்ததால் வெப்ப நகர்வில் அவை சாய்சதுரமாகச் சரிந்திருந்தன. கருவியை அப்படியே விட்டுக் காத்திருந்ததும் முக்கோண அடுக்கு ஒழுங்காகியது.

புள்ளிகளின் இடைவெளி 0.246 நானோமீட்டர். அடுத்தடுத்த கார்பன் அணுக்களின் தூரமோ 0.142. கிராஃபைட் தாளில் அணுக்கள் தேன்கூட்டு அறுகோணங்களாக அமைந்திருக்க, படத்தில் மையத்தோடு கூடிய முக்கோண அமைப்புதான் இருக்கிறது. ஒன்றுவிட்டு ஓர் அணுவைக் காணவில்லை. ஊசியின் குறையல்ல இது. மேலடுக்கின் அணுக்களில் பாதிக்கு நேர் கீழே அடுத்த அடுக்கில் ஓர் அணு இருக்கிறது. அந்தப் பிணைப்பால் அவற்றின் எலக்ட்ரான் நிலைகள், இவ்வளவு குறைந்த மின்னழுத்தத்தில் மின்னோட்டத்துக்குப் பயன்படும் ஆற்றலிலிருந்து விலகிவிடுகின்றன. கீழே துணையில்லாத மறுபாதி அணுக்கள்தான் ஒளிர்கின்றன. ஊசி அளப்பது உயரத்தை மட்டுமல்ல, அந்த இடத்தில் கடக்கத் தயாராக நிற்கும் எலக்ட்ரான்களையும் சேர்த்துத்தான். அறுகோணத்தின் ஆறு மூலைகளும் முழுமையாகத் தெரியும் படத்தைக் காட்டி யாராவது கிராஃபைட் என்றால், மேலடுக்கு தனியாகப் பிரிந்து நிற்கிறதா, ஊசியின் முனையில் இரண்டு அணுக்கள் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்றுதான் இப்போது முதலில் கேட்கிறேன்.