வரைபடமும் எஸ்டிமேட்டும் ஒரே மேசையில்

இன்டீரியர் டிசைன் அலுவலகத்தில் என் வேலை வரைவது இல்லை. வரைகிறவரையும் வீட்டுக்காரரையும் வேலை எடுத்துச் செய்யும் காண்ட்ராக்டரையும் ஒரே நேரத்தில் உட்கார வைப்பது. இடிக்கத் தொடங்கும் முன் கடைசியாக ஒருமுறை வரைபடங்களையும் செலவுக் கணக்கையும் பார்ப்பதற்கான சந்திப்பு அது. "அரை மணி நேரம் போதுமே?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நான் இரண்டு மணி நேரம் கேட்பேன். அதையும் முடிந்தவரை அந்த வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நேரம் அதிகம் கேட்பதற்குக் காரணம் உண்டு. வரைபடத்தைத் தனியாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கும். எஸ்டிமேட்டைத் தனியாகப் படித்தாலும் அப்படித்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்க்கும்போதுதான் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவே இல்லை என்பது தெரிகிறது. பெரும்பாலும் வரைந்தவர் ஒருவர், அளவெடுத்துக் கணக்குப் போட்டவர் இன்னொருவர். வரைபடம் மூன்று முறை மாறியிருக்கும். கணக்கு முதல் வரைபடத்தோடு நின்றிருக்கும்.

அதனால் சந்திப்புக்கு நாலைந்து நாள் முன்பே இரண்டையும் எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் திருத்த எண்ணும் தேதியும் இருக்க வேண்டும், எஸ்டிமேட்டின் தலைப்பில் அது எந்தத் திருத்தத்தைப் பார்த்துப் போட்டது என்று எழுதியிருக்க வேண்டும். இந்த ஒரு வரி இல்லாத எஸ்டிமேட்டைத் திருப்பி அனுப்பிவிடுவது என் வழக்கம். கொஞ்சம் கறாராகத் தெரியும்தான். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்து "எது கடைசித் தாள்?" என்று தேடிக்கொண்டிருப்பதற்கு இது மேல்.

ஒரு சமையலறை வேலையைச் சொன்னால் புரியும். 'எல்' வடிவ மேடை. சுவரோரமாக மொத்தம் 24 அடி நீளம். ப்ளானில் பார்த்தால் டைல்ஸ் பற்றி எதுவுமே தெரியாது, ஏனென்றால் ப்ளான் மேலிருந்து பார்ப்பது. சுவரை நேராகப் பார்ப்பது போல வரைந்த எலிவேஷன் தாளில்தான் அது இருக்கும். அந்தத் தாளில் மேடைக்கு மேலே கூரை வரை டைல்ஸ் போட்டிருந்தது. எஸ்டிமேட்டிலோ "சுவர் டைல்ஸ் - 48 சதுர அடி" என்று ஒரே வரி.

வீட்டுக்கார அம்மா கால்குலேட்டரை எடுத்தார். தரையிலிருந்து கூரை 9 அடி, மேடை உயரம் ஏறக்குறைய 3 அடி. மிச்சம் 6 அடி. 24 அடியை 6 அடியால் பெருக்கினால் 144 சதுர அடி. "சார், இதில் 48 தானே இருக்கு?" என்று காண்ட்ராக்டரைக் கேட்டார்.

"மேடம், மேடைக்கு மேலே 2 அடிதான் வழக்கமா போடுவோம். அதை வெச்சுப் போட்டேன்" என்றார் அவர். 24 பெருக்கல் 2, சரியாக 48. யாரும் ஏமாற்றவில்லை. எலிவேஷன் அவர் கைக்குப் போவதற்கு முன்பே கணக்கு முடிந்திருந்தது, அவ்வளவுதான்.

இது வேலை நடுவில் தெரிந்திருந்தால் டைல்ஸ் விலை மட்டும் மூன்று மடங்காகியிருக்காது. ஒட்டும் கூலி, பசை, வெட்டிலும் உடைசலிலும் போவதற்காக நாம் கூடுதலாக வாங்கும் 10 சதவீதம், எல்லாம் சேர்ந்தே ஏறும். அதைவிட மோசம், சுவருக்குள் போகும் வயர். டைல்ஸ் மேலே வரை போனால் ஸ்விட்ச் பாக்ஸ்களை டைல்ஸ் கனத்துக்கு ஏற்ப முன்னே தள்ளி வைக்க வேண்டும். பூச்சு முடிந்த பிறகு சொன்னால் எலக்ட்ரீஷியன் மறுபடி சுவரைக் கொத்துவார்.

எஸ்டிமேட்டில் இன்னொரு வகை வரியையும் நான் பென்சிலால் வட்டமிட்டு வைப்பேன். "விளக்குகள் - தோராயத் தொகை" என்பது போன்றவை. பொருள் இன்னும் தேர்வாகவில்லை, இடம்பிடிக்க ஒரு தொகை போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் தப்பில்லை, ஆனால் அப்படிப்பட்ட வரிகளை மட்டும் கூட்டிப் பார்க்கச் சொல்வேன். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்படி இருந்தால் கையில் இருப்பது எஸ்டிமேட் இல்லை, ஊகம். அப்புறம், கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் "இதில் அடங்காதவை". இடிபாடுகளை அள்ளி வெளியேற்றுவது, வரி, இடித்த இடத்தைச் சுற்றிப் பழைய பூச்சைச் சரிசெய்வது எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

கையிருப்பு எவ்வளவு என்பதைச் சொல்ல வீட்டுக்காரர்கள் தயங்குவார்கள். சொன்னால் முழுவதையும் செலவழிக்க வைத்துவிடுவார்கள் என்ற பயம். பயம் நியாயமானதுதான், ஆனாலும் சொல்லிவிடுவதே நல்லது என்பேன். எண் தெரியாத டிசைனர் தன் ஆசைக்கு வரைவார், பிறகு எதை வெட்டுவது என்று எல்லோருமாக உட்கார்ந்து சண்டை போட வேண்டியிருக்கும். பழைய வீடு என்றால் 10 முதல் 20 சதவீதத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு மீதியைச் சொல்லலாம். சுவரைத் திறந்தால் அரித்துப்போன குழாயோ பழைய வயரோ வெளியே வரும். அந்தப் பணம் அதற்கு. அது வீட்டுக்காரர் கையில் இருக்கட்டும், எஸ்டிமேட்டில் ஒரு வரியாக ஏற வேண்டாம்.

சந்திப்பை வீட்டிலேயே வைக்கச் சொல்வது தரைக்காக. ஒட்டிப் பிரித்தால் கறை படியாத காகித டேப்பால் புது மேடையின் விளிம்பைத் தரையில் ஒட்டிவிடுவோம். அந்தச் சமையலறையில் ஃப்ரிட்ஜுக்கு வரைந்திருந்த இடம் 2 அடி 6 அங்குலம். டேப் ஒட்டியதும் வீட்டுக்கார அம்மாவின் கணவர் பக்கத்துச் சுவரைப் பார்த்து, "கதவு முழுசாத் திறக்குமா?" என்றார். வரைபடத்தில் ஃப்ரிட்ஜ் ஒரு கட்டம், அதற்குக் கதவு கிடையாது. நிஜத்தில் பல மாடல்களில் கதவு 90 பாகைக்கு மேல் திறந்தால்தான் உள்ளே இருக்கும் தட்டுகளை வெளியே இழுக்க முடியும். காற்றோட்டத்துக்கு எத்தனை அங்குலம் விட வேண்டும் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும், கூடவே வரும் கையேட்டில் இருக்கும். வாங்கப் போகும் சாதனங்களின் மாடல் பெயர்களை முன்கூட்டியே கேட்பது இதற்காகத்தான். அவர்கள் ஃப்ரிட்ஜை இன்னும் முடிவு செய்திருக்கவில்லை.

நடுச்சுவரை எடுத்துவிடலாமா என்ற கேள்வியும் அன்று எழுந்தது. டிசைனர் கட்டாயம் பதில் சொல்லக் கூடாத கேள்வி அது. தட்டிப் பார்த்து "இது சும்மா சுவர்தான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சுமை தாங்கும் சுவரா என்பதை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து பார்த்து எழுதித் தரும்வரை அதை இடிப்புத் தாளில் காட்டக் கூடாது என்று குறித்துக்கொண்டோம்.

டைல்ஸுக்கு ஒரு வழி அங்கேயே கிடைத்தது. அடுப்புக்குப் பின்னால் 6 அடி அகலத்துக்கு மட்டும் கூரை வரை, மீதி 18 அடிக்கு 2 அடி உயரம். முப்பத்தாறும் முப்பத்தாறும் 72 சதுர அடி. வாங்கும்போது 80. காண்ட்ராக்டர் பழைய வரியை அடித்துப் புது எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டார், டிசைனர் எலிவேஷன் தாளில் அதே கோட்டைச் சிவப்பு மையில் இழுத்தார். அன்று மாலையே நான் முடிவுகளை ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து எல்லோருக்கும் அனுப்பினேன்: எது முடிவானது, எது நிலுவை, யார், எந்தத் தேதிக்குள். ஃப்ரிட்ஜ் மாடல் நிலுவையில் இருந்ததால், அந்தப் பக்கத்து அலமாரிக்கு மட்டும் பலகை வெட்ட வேண்டாம் என்று தச்சருக்குத் தனியாகப் போன் போட்டுச் சொன்னேன்.