நாய் வண்டி வந்து போன பிறகும் குரைப்பு நிற்காததற்குக் காரணம்

எங்கள் தெருவில் மொத்தம் 11 நாய்கள். ஆறு ஆண், ஐந்து பெட்டை. இந்தக் கணக்கை முதலிலேயே எடுத்திருந்தால் மூன்று மாதம் வீணாகியிருக்காது.

தெருநாய்களுக்குக் கருத்தடை செய்யச் சொல்லி மனு கொடுத்த பத்தாம் நாள் நாய் பிடிக்கும் வண்டி வந்தது. கூப்பிட்டதும் வாலாட்டிக்கொண்டு வந்த நான்கு ஆண் நாய்களைப் பிடித்துப் போனார்கள். பெட்டைகள் ஆளைக் கண்டதும் ஓடிவிட்டன. கருத்தடை, ரேபிஸ் தடுப்பூசி எல்லாம் முடிந்து நான்கும் திரும்பின. அந்த வாரமே ஒரு பெட்டை பருவத்துக்கு வந்தது. பக்கத்துத் தெரு ஆண் நாய்களெல்லாம் இங்கே கூடிவிட்டன. இரவு இரண்டு மணிக்குச் சண்டை, ஊளை, வீட்டுக் கேட்டில் மோதும் சத்தம். ஒரு பெட்டை விட்டுப்போனாலும் வெளி நாய்கள் வரும் என்பது அன்றுதான் புரிந்தது.

இதைவிட மனம் நொந்தது, நெற்றியில் வெள்ளைத் திட்டு உள்ள நாயை இரண்டு தெரு தள்ளி இறக்கிவிட்டுப் போனதில்தான். தன் எல்லையைத் தேடி வந்த வழியில் கடிபட்டு, முன்னங்கால் வீங்கி நொண்டிக்கொண்டு நின்றது. கேட்டதற்கு, "எல்லா நாயும் ஒண்ணுதானே சார்" என்றார் வண்டிக்காரர். அன்றிலிருந்து, வண்டியில் ஏற்றும் முன் ஒவ்வொரு நாயையும் எந்த வீட்டு வாசல் என்று தெரியும்படி படம் எடுத்து, அவர்களின் பதிவேட்டிலும் எழுத வைத்தேன்.

இரண்டாம் முறை விடியற்காலை ஐந்தரைக்கு வரச் சொன்னேன். அந்த நேரத்தில் நாய்கள் சுருண்டு கிடக்கும். வெயில் ஏறினால் கலைந்துவிடும். சோறு வைக்கும் எதிர்வீட்டு அக்காதான் பெட்டைகளைக் கூப்பிட்டு நிறுத்தினார். அவர் இல்லாவிட்டால் ஒன்றும் மாட்டியிருக்காது. மயக்க மருந்து கொடுக்க வயிறு காலியாக இருக்க வேண்டும், முந்தின இரவு சோறு வைக்க வேண்டாம் என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தேன். ஆனாலும் ஒரு வீட்டில் மீந்த குழம்புச் சோற்றைக் கொட்டிவிட்டார்கள். அதைத் தின்ற நாயின் அறுவை ஒருநாள் தள்ளிப்போனது. குட்டிக்குப் பால் கொடுக்கும் ஒரு பெட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது சரிதான். குட்டிகள் பால் மறந்த பிறகு மூன்றாம் முறை அதுவும் போய்வந்தது.

இப்போது 11-இல் 10-க்குக் கருத்தடை முடிந்த அடையாளமாகக் காதில் வெட்டு இருக்கிறது. மீதி ஒன்றைத் தவிர, அந்த அடையாளம் இல்லாத நாய் தெருவில் தெரிந்தால் புதிது என்று உடனே தெரிந்துவிடும். பெட்டைக்கான சண்டை இப்போதைக்கு ஓய்ந்திருக்கிறது. புது ஆளோ வண்டியோ வந்தால் இப்போதும் குரைக்கின்றன. கருத்தடையால் அது போகாது. தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும் என்பதால் தேதியைக் குறித்து வைத்திருக்கிறேன். யாரிடமும் சிக்காமல் மீதியிருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டைக்கு, இப்போதுதான் அக்கா கையிலிருந்து ரொட்டி வாங்கும் அளவுக்குத் தைரியம் வந்திருக்கிறது. அடுத்த வண்டிக்குச் சொல்லிவிட்டோம்.