குஞ்சிலிருந்து முதல் முட்டை வரை: ஜனவரியில் இறக்கிய ஒரு பேட்ச்

பெங்களூருக்கு வடக்கே தொட்டபள்ளாபுரம் பக்கத்தில் உள்ள எங்கள் பண்ணையில் ஜனவரி முதல் வாரத்தில் முட்டைக்காக வளர்க்கும் வெள்ளை லேயர் குஞ்சுகளை இறக்கினோம். அந்த மாதத்தில் இங்கே இரவுக் குளிர் பதினைந்து டிகிரி வரை இறங்குவதால் குஞ்சுகளுக்குக் கதகதப்பு தரும் புரூடரின் சூட்டை முதல் வாரம் 33 முதல் 35 டிகிரியில் வைத்து, பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரியாகக் குறைத்தோம். அந்தக் கட்டம் சிக்கலின்றிக் கடந்தது. இந்த பேட்ச் எனக்கு உணர்த்தியதெல்லாம் அதற்குப் பிறகு நடந்ததுதான்: தீவனத்தை எப்போது மாற்றுவது, விளக்கு நேரத்தை எப்போது கூட்டுவது என்ற இரண்டு முடிவுகளையும் கோழியின் வயதை மட்டும் பார்த்து எடுக்க முடியாது, உடல் எடையைப் பார்த்தே எடுக்க வேண்டும்.

முதல் மூன்று வாரங்களுக்குக் குஞ்சுகளைக் கூட்டாகப் பெட்டியில் வைத்து எடை பார்த்துச் சராசரி எடுத்தோம். நான்காம் வாரத்திலிருந்து நூறு குஞ்சுகளைத் தனித்தனியாக நிறுத்தோம். இதில் ஓர் ஒழுங்கு தேவைப்படுகிறது. ஒவ்வொரு வாரமும் அதே கிழமையில், காலைத் தீவனம் போடுவதற்கு முன், அதே கூண்டுகளில் உள்ள எல்லாக் குஞ்சுகளையும் நிறுக்க வேண்டும். கைக்கு எட்டுவதைப் பிடித்து நிறுத்தால், ஓட முடியாத சிறிய குஞ்சுகளே அதிகமாகக் கையில் சிக்கும். கூண்டுகளையும் ஒரே இடத்தில் தேர்ந்தெடுக்காமல், வரிசையின் தொடக்கம், நடு, கடைசி என்றும் மேல் தட்டு, கீழ்த் தட்டு என்றும் பிரித்து எடுக்க வேண்டும். ஐந்தாம் வாரத்தில் எங்களைக் காப்பாற்றியது இந்தப் பிரிப்புதான்.

எங்கள் இனத்தின் கையேட்டுப்படி ஐந்தாம் வாரம் ஏறக்குறைய 310 கிராம் இருக்க வேண்டும். இந்த இலக்கு இனத்துக்கு இனம் மாறும் என்பதால் அவரவர் வாங்கிய குஞ்சின் கையேட்டையே பார்க்க வேண்டும். எங்கள் சராசரி 284 கிராம். அதைவிட என்னைக் கவலைக்குள்ளாக்கியது சீர்மை. சராசரிக்குப் பத்து சதவீதம் மேலும் கீழுமான எல்லைக்குள், அதாவது 256 முதல் 312 கிராமுக்குள், நூற்றில் எத்தனை குஞ்சுகள் வருகின்றன என்பதே சீர்மைக் கணக்கு. எண்பதுக்கு மேல் இருந்தால் பேட்ச் ஒன்றுபோல வளர்கிறது என்று பொருள். எங்களுக்கு வந்தது 68. கூண்டுவாரியாக எடுத்துப் பார்த்தபோது, வரிசையின் தொடக்கத்தில் இருந்த குஞ்சுகள் 305 கிராம் அளவிலும் கடைசிக் கூண்டுகளில் இருந்தவை 250 கிராம் அளவிலும் இருந்தன. நோய் என்றால் பெரும்பாலும் இப்படி வரிசை பார்த்து வராது. ஒரே தொட்டியில் கலந்த தீவனம் எல்லாக் கூண்டுக்கும் போகிறது. ஆகவே கோளாறு தண்ணீரில்தான் இருக்க வேண்டும் என்று, குஞ்சுகள் கொத்திக் குடிக்கும் குழாய் முனைகளான நிப்பிள்களைப் பார்த்தோம். ஒரு நிமிடத்தில் சொட்டும் தண்ணீரை அளவுக் குவளையில் பிடித்தபோது, கடைசி நிப்பிள்களில் விழுந்தது தொடக்கத்தில் விழுந்ததில் பாதிகூட இல்லை. எங்கள் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. அதன் உப்பு குழாயின் கடைசிப் பகுதியில் படிந்து அடைத்திருந்தது. கோழி தின்னும் தீவனத்தின் எடையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் தீவனம் எடுப்பதும் தானாகக் குறைந்துவிடும்; தொட்டியில் தீவனம் மீந்து கிடப்பதைப் பார்ப்பவருக்கோ குஞ்சுகள் வயிறு நிறைந்திருப்பதாகத் தோன்றும்.

குழாய்களைச் சிட்ரிக் அமிலக் கரைசலால் கழுவி அலசினோம். சிறிய குஞ்சுகளைப் பிரித்தெடுத்துத் தண்ணீர் உள்ளே வரும் பக்கத்துக் கூண்டுகளுக்கு மாற்றி, கூண்டுக்கு எண்ணிக்கையையும் குறைத்தோம். பெரிய குஞ்சுகளோடு விட்டுவைத்தால் தொட்டியில் முண்டி நிற்க முடியாமல் அவை மேலும் பின்தங்கும்.

அடுத்த முடிவு தீவனம் பற்றியது. குஞ்சுத் தீவனத்தில் புரதம் ஏறக்குறைய 20 சதவீதம். அதற்கு அடுத்த வளர்பருவத்துக்கான குரோவர் தீவனத்தில் 16 முதல் 17. விலை வேறுபாடு கணிசமாக இருப்பதால் எட்டாம் வாரம் முடிந்ததும் குரோவருக்கு மாற்றிவிடுவது பல பண்ணைகளில் வழக்கம். நாங்கள் மாற்றவில்லை. எட்டாம் வார இலக்கான 550 கிராமை எட்டும்வரை குஞ்சுத் தீவனமே போட்டோம். அது ஒன்பதாம் வார முடிவில் எட்டியது. அதன் பிறகும் ஒரே நாளில் மாற்றாமல், பழையதையும் புதியதையும் கலந்து நான்கு நாள்களில் மாற்றினோம். இந்தக் கூடுதல் செலவுக்குக் காரணம் உடலமைப்பு வளரும் விதம். எலும்புச் சட்டகத்தின் பெரும்பகுதி பன்னிரண்டு, பதின்மூன்று வாரங்களுக்குள் அமைந்துவிடுகிறது. அதற்குள் ஏற்றிய எடை எலும்பாகவும் தசையாகவும் நிற்கும். அதற்குப் பின் அவசரமாக ஏற்றும் எடையில் பெரும்பங்கு கொழுப்பாகப் போகும். சிறிய சட்டகத்தில் கொழுப்பேறிய கோழி தராசில் சரியாகத் தெரியலாம். முட்டையிடத் தொடங்கிய பின்புதான் அதன் குறை வெளிப்படும். பன்னிரண்டாம் வாரத்தில் எங்கள் சராசரி இலக்கின் விளிம்பைத் தொட்டது, சீர்மை 81-க்கு ஏறியது. அன்றுதான் எனக்கு நிம்மதி வந்தது.

இனி விளக்கு. எங்கள் கொட்டகை பக்கவாட்டில் திறந்தது. வெளிச்சத்தை முழுவதும் அடைக்க முடியாது. பெங்களூரில் ஜனவரித் தொடக்கத்தில் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம். மே மாதத் தொடக்கத்தில் பன்னிரண்டரை மணி நேரத்தைத் தாண்டும். ஜனவரியில் இறக்கிய குஞ்சு, நாம் எதுவும் செய்யாவிட்டால், வளரும் காலம் முழுவதும் நீண்டுகொண்டே போகும் பகலைப் பார்க்கும். நீளும் பகல்தான் கோழியின் உடலுக்கு முட்டையிடச் சொல்லும் அறிகுறி. எடை வராத கோழிக்கு அந்த அறிகுறி முன்கூட்டியே கிடைப்பது நல்லதன்று. வெளியே நீளும் பகலைச் சுருக்க முடியாது என்பதால், அது கோழிக்குத் தெரியாமல் செய்வதே வழி. ஆகவே மே மாதப் பகலையும் விடியல், அந்தி வெளிச்சத்தையும் சேர்த்து 13 மணி நேரம் என்று கணக்கிட்டோம். முதல் சில நாள்களில் கொடுத்த 23 மணி நேர வெளிச்சத்தை வாரந்தோறும் குறைத்து எட்டாம் வாரத்தில் 13-க்குக் கொண்டுவந்து, பிறகு அதிகாலை 5.45 முதல் மாலை 6.45 வரை என்று நிலையாக வைத்தோம். மார்ச்சில் விளக்கு அதிக நேரம் எரிந்தது, மே மாதத்தில் சிறிது நேரமே எரிந்தது. கோழிக்கு மட்டும் பகல் மாறவே இல்லை. டைமர் மின்தடையின்போது நேரத்தை இழக்காத, உள்ளே பேட்டரி வைத்த வகையாக இருப்பது முக்கியம்.

பதினான்காம் வாரத்தில் கிழக்குப் பக்க வரிசையில் மட்டும் கொண்டைகள் சிவக்கத் தொடங்கின. அந்தக் கோழிகள் எடையில் மற்றவற்றைவிட முந்தியவை அல்ல. இரவு அங்கே போய் நின்று பார்த்தபோது, அடுத்த மனையில் புதிதாக வந்த கிடங்கின் காவல் விளக்கு விடிய விடிய அந்த வரிசையில் விழுந்துகொண்டிருந்தது. பெங்களூரைச் சுற்றியுள்ள பண்ணைகள் பலவற்றுக்கும் இந்தத் தொல்லை வரத்தான் செய்யும். கறுப்புத் தார்ப்பாயை மாலையில் இறக்கிக் காலையில் சுருட்டி ஏற்ற ஏற்பாடு செய்தோம். பகலில் காற்றோட்டத்தை அடைக்கக் கூடாது.

பதினேழாம் வாரம் முடிந்தபோது சராசரி எடை 1,190 கிராம். விளக்கைக் கூட்ட நாங்கள் குறித்து வைத்திருந்தது 1,230. பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் ராசிபுரத்து அண்ணனுக்கு அனுபவம் அதிகம். இருந்தாலும் அவருக்கும் பொறுமை குறைந்திருந்தது.

“தம்பி, பதினேழு வாரம் முடிஞ்சிருச்சு. பக்கத்துப் பண்ணையில போன வாரமே லைட்டைக் கூட்டிட்டாங்க. நாமளும் கூட்டிரலாமா?”

“இன்னும் நாற்பது கிராம் குறையுதுண்ணே. இப்பக் கூட்டினா முட்டை ஒரு வாரம் முன்னாடி வரும், ஆனா சின்ன முட்டையா வரும்.”

நான் சொன்னது பாதிதான் என்று அவருக்கே தெரியும். உடல் தயாராகாத கோழி முட்டையிட முயலும்போது முட்டைக்குழாய் வெளியே தள்ளிக்கொண்டு வருவது உண்டு. அதை மற்றக் கோழிகள் கொத்திக் கொன்றுவிடும். தப்பிய கோழிகளும் உச்ச உற்பத்தியில் நீண்ட நாள் நிற்காமல் சரிந்துவிடும். அவர் சற்று யோசித்துவிட்டு, ஒரு வாரம் பொறுப்பதே சரி என்று ஒப்புக்கொண்டார். அடுத்த வாரம் 1,235 கிராம் வந்தது, சீர்மை 84. அன்று 13 மணியை 14 ஆக்கினோம். அதன் பின் வாரத்துக்கு அரை மணி நேரம் கூட்டி 16 மணியில் நிறுத்தினோம். முட்டை தொடங்கிய பின் இந்த நேரம் எக்காரணத்தாலும் குறையக் கூடாது. குறைந்தால் உற்பத்தி உடனே சரியும்.

எல்லா வரிசைகளிலும் கொண்டைகள் சிவந்து, இடுப்பெலும்புகளின் இடைவெளி இரண்டு விரல் அளவுக்கு விரியத் தொடங்கியதும், பதினேழாம் வாரத்தில், குரோவர் தீவனத்தை நிறுத்தி முன்முட்டைத் தீவனத்துக்கு மாறினோம். இதில் கால்சியம் ஏறக்குறைய இரண்டரை சதவீதம். குரோவரில் ஒன்று, லேயர் தீவனத்தில் நான்குக்கு அருகில். ஒரு முட்டை ஓட்டுக்கு இரண்டு கிராம் கால்சியம் போகிறது. முதல் முட்டைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் நீண்ட எலும்புகளின் உள்ளே கோழி ஒரு கால்சியம் இருப்பைச் சேர்த்துக்கொள்கிறது. அதற்கான தீவனம்தான் இது. நான்கு சதவீதக் கால்சியத்தைப் பல வாரம் முன்பே கொடுத்தால் சிறுநீரகம் கெட்டு, உள்ளுறுப்புகளின்மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவு காணும் கவுட் நோயில் கோழிகள் சாகும். தாமதித்தால் முதலில் முட்டையிடும் கோழிகள் தம் எலும்பையே கரைத்து ஓடு கட்டி, கால் விழுந்து கூண்டில் படுத்துவிடும். முதல் முட்டைகள் தென்பட்டு, நூறு கோழிக்கு ஒன்றிரண்டு என்ற அளவு வந்ததும் லேயர் தீவனத்துக்கு மாற்றி, சுண்ணாம்புக்கல்லின் ஒரு பகுதியைத் தூளாக இல்லாமல் குறுணையாகச் சேர்த்தோம். குறுணை மெல்லக் கரைவதால், ஓடு உருவாகும் இரவு நேரத்திலும் கால்சியம் கிடைக்கும்.

இருபத்தொன்றாம் வாரத்தில் பாதிக்கும் மேற்பட்ட கோழிகள் முட்டைக்கு வந்துவிட்டன. முட்டைக்குழாய் வெளித்தள்ளியதால் இழந்தவை மிகச் சிலவே. எடை பார்ப்பதை இன்னும் நிறுத்தவில்லை, முப்பதாம் வாரம் வரை தொடரும். உற்பத்தி ஏறும் வேகத்துக்குத் தீவனம் எடுப்பது ஏறாவிட்டால், அது முதலில் தெரிவது உடல் எடையில்தான். அடுத்த பேட்ச் ஜூலையில் வருகிறது. அது சுருங்கும் பகலில் வளரும் என்பதால் விளக்குக் கணக்கு எளிது: எட்டாம் வாரத்திலிருந்து இயற்கைப் பகலே போதும், நவம்பரில் எடை எட்டிய பிறகு கூட்டத் தொடங்கலாம்.