நாலாம் நாள் ஏறிய எண்

நாள் தள்ளிப் பத்து நாளானதும் வீட்டிலேயே டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். இரண்டு கோடு வந்தது. அடுத்த நாலு நாளில் காபி நிறத்தில் கறை படத் தொடங்கியது. வலது அடிவயிற்றில் இழுத்துப் பிடிக்கிற மாதிரி லேசான வலியும் இருந்தது. உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுத்தோம். கருப்பைக்குள் ஒன்றும் இல்லை. வலது கருக்குழாயில் 2.1 சென்டிமீட்டரில் ஒரு கட்டி மாதிரித் தெரிந்தது.

அன்றைக்கே டாக்டர் எந்த முடிவுக்கும் வரவில்லை. முதலில் எனக்கு அது எரிச்சலாக இருந்தது. ஆனால் கருப்பைக்குள்ளேயே தாமதமாக வளரும் கருவாக இருந்துவிட்டால், கொடுக்கப்போகிற மருந்து அதையும் அழித்துவிடும். அதனால்தான் கர்ப்ப ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணில் காட்டும் பீட்டா எச்.சி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுத்தார்கள். முதலில் 1,610, அப்புறம் 1,840. நல்லபடியாக வளரும் கருவென்றால் இந்த அளவில் இரண்டு நாளில் 40 சதவீதமாவது கூடியிருக்க வேண்டும். எனக்குக் கூடியது ஏழில் ஒரு பங்கு. மறுபடியும் எடுத்த ஸ்கேனிலும் கருப்பை காலியாகவே இருந்தது. அதன் பிறகுதான் கருக்குழாய்க் கர்ப்பம் என்று உறுதியாகச் சொன்னார்.

ஊசியா ஆபரேஷனா என்பதை அவர் விளக்கிய விதம் இன்னும் மனதில் இருக்கிறது. "உங்களுக்கு வலி தாங்க முடியாத அளவுக்கு இல்லை. பிரஷர் நன்றாக இருக்கிறது. கட்டி மூன்றரை சென்டிமீட்டருக்குள் இருக்கிறது, இதயத்துடிப்பு இல்லை, எண்ணும் 5,000க்கு ரொம்பக் கீழே. இதில் ஒன்று மாறியிருந்தாலும் வயிற்றில் சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன்தான் நான் சொல்லியிருப்பேன்" என்றார். கல்லீரல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்றும் பார்த்தார்கள். மெத்தோட்ரெக்சேட் என்ற அந்த மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தடுப்பது. அந்த உறுப்புகளில் கோளாறு இருந்தால் அதைக் கொடுக்க முடியாது.

அப்புறம் நான் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று கேட்டார். "ராத்திரி இரண்டு மணிக்கு வலி வந்தால் எவ்வளவு நேரத்தில் இங்கே வந்து சேருவீங்கம்மா?" உசிலம்பட்டி 40 கிலோமீட்டர். எங்களிடம் வண்டியும் இல்லை. மதுரையில் அக்கா வீடு இருக்கிறது என்றேன். "அப்படியென்றால் எண் இறங்கும் வரை அங்கேயே இருங்கள். முடியாது என்றால் ஆபரேஷன்தான் உங்களுக்குப் பாதுகாப்பு" என்றார். ஊசியைத் தேர்ந்தெடுப்பது என்றால் கூப்பிட்ட நாளெல்லாம் வந்து ரத்தம் கொடுக்க ஒப்புக்கொள்வது என்பது அப்போதுதான் புரிந்தது. இதற்கு வழியில்லாத பெண்ணுக்கு எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஊசி சரிவராது என்றே நானும் நினைக்கிறேன்.

உயரம், எடை வைத்துக் கணக்குப் போட்டு 79 மில்லிகிராம் என்று எழுதினார்கள். இடுப்பில் இரண்டு பக்கமும் பிரித்துப் போட்டார்கள். மருந்துக் கடைக்காரர் "இது கேன்சர் மருந்தாச்சே" என்று சொல்லிவிட, என் வீட்டுக்காரர் பயந்துபோனார். மூட்டுவாதத்துக்கும் இதையே கொடுக்கிறார்கள் என்று நர்ஸ் அக்கா உட்கார வைத்துச் சொன்ன பிறகே சமாதானமானார்.

சாப்பாட்டில் சில மாற்றங்கள் சொன்னார்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை அன்றைக்கே நிறுத்த வேண்டும். அது இந்த மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். கீரையையும் கொஞ்ச நாள் குறைக்கச் சொன்னார்கள். வலிக்கு பாராசிட்டமால் மட்டும், டைக்ளோஃபினாக் மாதிரி மாத்திரைகள் கூடாது. வாயு உண்டாக்கும் சுண்டல், உருளைக்கிழங்கு வேண்டாம் என்றார்கள். வாயு வலி எது, குழாய் வலி எது என்று குழம்பக் கூடாதாம். தாம்பத்தியமும் வேண்டாம், வெயிலில் அலையவும் வேண்டாம்.

ஊசி போட்ட நாள் முதல் நாள். நாலாம் நாள் எண் 2,310. குறையும் என்று காத்திருந்தவளுக்கு அது ஏறியிருந்ததைப் பார்த்ததும் கை நடுங்கியது. மருந்து போட்ட பிறகும் முதல் சில நாள் எண் ஏறுவது சகஜம். அதனால் முதல் நாள் எண்ணோடு ஒப்பிட மாட்டார்கள். நாலாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் 15 சதவீதமாவது குறைகிறதா என்பதுதான் கணக்கு. இதை முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

ஆறாம் நாள் ராத்திரி வலி கூடியது. தோள்பட்டையில் வலி, தலைசுற்றல், மயக்கம் வந்தால் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் வரச் சொல்லியிருந்தார்கள். குழாய் வெடித்து உள்ளே ரத்தம் கசிந்தால் அது தோள்பட்டையில் வலியாகத் தெரியுமாம். எனக்கு அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் அக்கா ஆட்டோ பிடித்துவிட்டாள். ஸ்கேனில் கட்டி 2.8 ஆகியிருந்தது. வயிற்றுக்குள் ரத்தம் தேங்கவில்லை. நாடித்துடிப்பு, பிரஷர் சரியாக இருந்தன. ஹீமோகுளோபினும் குறையவில்லை. மருந்து வேலை செய்யும்போது உள்ளே ரத்தம் கட்டி அது பெரிதாகத் தெரியலாம், அந்த நாட்களில் வலியும் வரலாம் என்றார் டியூட்டி டாக்டர். இருந்தாலும் வலியை நானே எடைபோட்டு வீட்டில் இருந்துவிடாமல் வந்ததுதான் சரி என்று அவரும் சொன்னார். எண் இறங்கிக்கொண்டிருக்கும்போதுகூடக் குழாய் வெடித்தவர்கள் உண்டு.

ஏழாம் நாள் 2,080. 1,960க்குக் கீழே வந்திருக்க வேண்டும். பத்து சதவீதம்தான் குறைந்திருந்தது. மறுபடியும் அதே கேள்வி முன்னால் வந்தது. இன்னொரு ஊசியா, ஆபரேஷனா?

என்னோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு எட்டு வாரம், ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிந்தது. அவளுக்குத் தேர்வே இல்லை. லேப்ராஸ்கோப்பியில் அந்தப் பக்கக் குழாயையே எடுத்துவிட்டார்கள். மூன்று சின்னத் தையல், இரண்டாம் நாள் வீடு. குழாயை முழுதாக எடுத்ததால் வாராவாரம் ரத்தம் கொடுக்கும் வேலையும் இல்லை. குழாயைக் கீறிக் கருவை மட்டும் எடுத்தால் மிச்சம் ஒட்டியிருக்கலாம், அதற்கு வாராவாரம் எண் பார்க்க வேண்டும். மறுபக்கக் குழாய் நன்றாக இருந்தால், அடுத்துத் தானாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு இரண்டு முறையிலும் பெரிதாக வேறுபடுவதில்லை. ரத்த வகை நெகட்டிவ் என்பதால், அடுத்த கர்ப்பத்தில் குழந்தைக்குப் பாதிப்பு வராமல் இருக்க அவளுக்கு ஆன்டி-டி ஊசியும் போட்டார்கள்.

அவளைப் பார்த்தபோது பொறாமையாகக்கூட இருந்தது. எனக்கு வலி அடங்கியிருந்தது, உள்ளே ரத்தமும் இல்லை. ரத்த அணுக்களையும் கல்லீரலையும் மறுபடி சோதித்துவிட்டு இரண்டாவது ஊசிக்குச் சம்மதித்தேன். பதினோராம் நாள் 1,560. கால் பங்கு இறங்கியிருந்தது. அதன் பிறகு வாரம் ஒரு முறை 690, 240, 61, 14, கடைசியில் 3. ஆறரை வாரம். ஒவ்வொரு தடவையும் ஒரே லேபில்தான் கொடுத்தேன். லேபுக்கு லேப் எண் வேறுபடும், சதவீதக் கணக்கு குழம்பிவிடும்.

61 வந்த வாரத்தில் "இனி எதற்கு, குறைந்துகொண்டுதானே இருக்கிறது" என்று வீட்டில் கேட்டார்கள். கிட்டத்தட்டப் பூஜ்யம் ஆகும்வரை போகத்தான் வேண்டும். நின்றதுபோல் நின்று மறுபடி ஏறும் எண்ணும் உண்டு.

கடைசி ஊசியிலிருந்து மூன்று மாதம் கருத்தரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் சொன்னபடி ஃபோலிக் ஆசிட் மறுபடி தொடங்கிவிட்டேன். இது திரும்ப வர ஏறக்குறைய பத்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறதாம். அடுத்த முறை நாள் தள்ளினாலே டெஸ்ட் போட்டு, ஆறாவது வாரத்தில் கரு எங்கே இருக்கிறது என்று ஸ்கேனில் பார்க்க வேண்டும். அந்தச் சீட்டை அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.