எஃகு பிரேமில் இறுகிய அலுமினிய சீட் போஸ்ட்: ஒன்பதாம் நாள் கழன்றது

என் சைக்கிளில் சீட்டைத் தாங்கும் குழாயான சீட் போஸ்ட், ஒன்பது நாட்களாகப் படுத்திய பிறகு, நேற்று மாலை முழுவதுமாக வெளியே வந்துவிட்டது. பிரேமில் ஒரு கீறலும் இல்லை, பெயின்ட்டும் அப்படியே இருக்கிறது. எண்ணெயில் ஊறிய அந்த அலுமினியக் குழாய் இப்போது என் மேசை மேல் கிடக்கிறது. அதன் மேல் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்கைப் பார்க்கும்போதுதான் இந்த ஒன்பது நாளும் எதனோடு போராடினேன் என்பது சரியாகப் புரிகிறது.

பிரேம் பழைய ரெனால்ட்ஸ் 531 எஃகுக் குழாய்களில் செய்யப்பட்டது, போஸ்ட் 27.2 மில்லிமீட்டர். முந்தைய உரிமையாளர் பல ஆண்டுகள் தூத்துக்குடியில், உப்பளங்களை ஒட்டிய சாலைகளில் இதை ஓட்டியிருக்கிறார். இடையில் ஒரு முறைகூட போஸ்ட்டை வெளியே எடுத்து கிரீஸ் பூசவில்லை. எஃகும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் உப்பு ஈரம் புகுந்தால் அரிபடுவது அலுமினியம்தான். அரிபட்ட அலுமினியம் தூளாக உதிர்ந்து போய்விட்டால் தொல்லையில்லை. அது ஆக்சைடாக மாறி, முன்பு இருந்ததைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு, குழாய்க்கும் போஸ்ட்டுக்கும் நடுவே இருந்த மெல்லிய இடைவெளியை இறுக நிரப்பிவிடுகிறது. என் போஸ்ட் 13 சென்டிமீட்டர் உள்ளே இறங்கியிருந்தது. அதாவது ஏறக்குறைய 110 சதுர சென்டிமீட்டர் பரப்பு முழுவதும் ஒட்டிக்கொண்டிருந்தது.

முதல் மூன்று நாட்கள் வீணானதற்குக் காரணம் எண்ணெய் அல்ல, அதை ஊற்றிய விதம். பிரேமின் வாயில் போஸ்ட்டை இறுக்கிப் பிடிக்கும் காலரின் போல்ட்டை முழுவதும் கழற்றிவிட்டு மேலிருந்து துளித்துளியாக விட்டதில் எதுவும் உள்ளே இறங்கவில்லை. ஆகவே பெடல்களின் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றிவிட்டு, பிரேமைத் தலைகீழாக நிறுத்தி, அந்த ஓட்டை வழியாக, போஸ்ட் செருகியிருக்கும் சீட் டியூபுக்குள் 30 மில்லி ஊற்றினேன். மறுநாள் காலையில் அத்தனையும் கீழே வைத்த தட்டில் கிடந்தது. பிரேமைத் தலைகீழாக்கினால் போஸ்ட்டின் உள்ளீடற்ற வாய் மேல்நோக்கி இருக்கும். எண்ணெய் விளிம்புக்குப் போகாமல் நேராக அந்தக் குழிக்குள் விழுந்து, தலைப்பக்கம் இருந்த துளை வழியே ஒழுகிவிட்டது. ஆய்வகச் சாமான் கடையில் ரப்பர் கார்க் ஒன்று வாங்கி, நீண்ட கம்பியால் தள்ளி போஸ்ட்டின் வாயை அடைத்த பிறகு வெறும் 10 மில்லியே போதுமானதாக இருந்தது. போஸ்ட்டும் சீட் டியூபும் ஒட்டியிருக்கும் வளையத்தின் மேல் எண்ணெய் குளமாக நின்றது. அடுத்த நாள் காலர் பக்கம் கறுப்பாகக் கசிந்ததைக் கண்டபோதுதான், முழு நீளத்தையும் கடந்து எண்ணெய்க்கு ஒரு வழியாவது கிடைத்திருக்கிறது என்று தெரிந்தது.

எண்ணெயைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் துரு இளக்கும் ஸ்பிரேயையும், அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் சரிபாதி கலந்த கலவையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தினேன். இந்தக் கலவை ஒன்றாக நிற்காது; ஒவ்வொரு முறையும் குலுக்கி உடனே ஊற்ற வேண்டும். பெயின்ட் கடையில் அசிட்டோன் கேட்டால் தின்னரை எடுத்து நீட்டுகிறார்கள், அது வேறு பொருள். ரசாயனக் கடையில் கேட்டு வாங்குவதே நல்லது. பெயின்ட்டையும் ஸ்டிக்கரையும் அசிட்டோன் கரைத்துவிடும் என்பதால் அதை உள்ளிருந்து மட்டும் ஊற்றினேன். வெளிப்பக்கம் ஸ்பிரேயோடு நிறுத்திக்கொண்டேன். இவற்றில் எதுவும் அலுமினிய ஆக்சைடைக் கரைப்பதில்லை. எண்ணெயின் வேலை, விரிசல் விழுந்த பிறகு அதற்குள் ஊர்ந்து போய், தூள் மறுபடி இறுகாமல் வழுக்கச் செய்வதுதான். விரிசலை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

அதற்குத்தான் பொருளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ். என் வீட்டில் இருக்கும் 4 அங்குல வைஸ் மர மேசையோடு சேர்ந்து தூக்கிக்கொண்டதால், பிரேமைத் தூக்கிக்கொண்டு தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இரும்பு மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய 6 அங்குல வைஸ் இருக்கிறது. போஸ்ட்டைத் திரும்பப் பயன்படுத்தப் போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அந்த முடிவு இல்லாவிட்டால் வைஸின் வாய்க்குத் துணியோ தாமிரத் தகடோ வைக்கத் தோன்றும். அப்படி வைத்தால் போஸ்ட் வழுக்கும். தலைப்பகுதியின் இரு பக்கத்தையும் அரத்தால் தட்டையாக்கி, பல்லுள்ள வாயில் நேரடியாகக் கவ்வவிட்டேன். நல்ல வேளையாக என் போஸ்ட்டின் தலையும் குழாயும் ஒரே வார்ப்பு. தலையைத் தனியாகச் செருகிய வகையாக இருந்தால், இந்த விசையில் தலை மட்டும் கையோடு வந்துவிடும்.

பிரேம் தலைகீழாக, போஸ்ட் கீழே வைஸில், மொத்த பிரேமும் மேலே ஒரு பெரிய கைப்பிடியாக நிற்கிறது. ஒருவர் முன்பக்கத்து ஹெட் டியூபையும் மற்றவர் பின் சக்கரம் மாட்டும் இடத்தையும் பிடித்துக்கொண்டு, எதிரெதிர்த் திசையில், ஒரே உயரத்தில் தள்ள வேண்டும். நான் முதலில் அவசரத்தில் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கீழ்நோக்கி அழுத்திவிட்டேன். பட்டறை அண்ணன் உடனே கையைப் பிடித்து நிறுத்தினார்.

"நெம்பாதீங்க தம்பி, திருகுங்க. நெம்புனா குழாய் வாய் கிழிஞ்சிரும்."

அவர் சொன்னது முழு உண்மை. 531 குழாயின் சுவர் மெல்லியது. போஸ்ட்டின் அச்சைச் சுற்றிய திருகலை அது தாங்கும், ஆனால் பக்கவாட்டு நெம்புதலில் காலர் பிளவின் முனையிலிருந்து விரிசல் தொடங்கிவிடும்.

இனி நான் அதிகம் பாடுபட்ட இடத்துக்கு வருகிறேன்: போஸ்ட் உண்மையிலேயே அசைந்ததா, இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இரண்டு பேர் முழு பலத்தோடு தள்ளும்போது பிரேம் கொஞ்சம் நகரத்தான் செய்கிறது. கை அதைக் கழன்றதாக நம்பிவிடுகிறது. அந்த நகர்வு வைஸின் வாயில் போஸ்ட் வழுக்கியதாக இருக்கலாம், அலுமினியம் ரப்பரைப் போல முறுகித் திரும்பியதாக இருக்கலாம், மெய்யாகவே ஒட்டு விட்டதாகவும் இருக்கலாம். மார்க்கர் கோடு இதற்கு உதவாது, கோட்டின் தடிமனே ஒரு மில்லிமீட்டர் இருக்கிறது. கூர்மையான எஃகு ஊசியால் காலரிலிருந்து போஸ்ட்டுக்கு நேராக ஒரு கீறலும், வைஸின் வாயிலிருந்து போஸ்ட் தலைக்கு இன்னொரு கீறலும் போட்டு, இரண்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்தேன்.

ஐந்தாம் நாள் மேல் கீறல் எங்கும் விலகவில்லை. வைஸ் பக்கத்துக் கீறல்தான் விலகியிருந்தது. வழுக்கியிருக்கிறது என்று தெரிந்து இன்னும் இறுக்கினேன். ஆறாம் நாள் தள்ளும்போது காலரில் கீறல் கால் மில்லிமீட்டர் பிரிந்தது, கையை எடுத்ததும் பழையபடி ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. முதலில் இது எனக்குச் சோர்வைத்தான் தந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால் இதுவே நல்ல செய்தி. அடி முதல் மேல் வரை முழுவதும் ஒட்டியிருந்தால் காலர் விளிம்பில் கீறல் பிரியவே முடியாது. அங்கே பிரிந்து திரும்புகிறது என்றால் மேல்பகுதியில் சில சென்டிமீட்டர் ஏற்கெனவே விட்டுவிட்டது, கீழ்ப்பகுதி மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தப் புது விரிசலுக்குள் உடனே ஸ்பிரேயை விட்டு, இன்னும் இரண்டு இரவு ஊறவிட்டேன்.

எட்டாம் நாள் சூடும் குளிரும் கொடுத்துப் பார்த்தோம். பலரும் ஊதுவிளக்கை எடுத்து எல்லாவற்றையும் சேர்த்துச் சூடாக்குகிறார்கள். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இருமடங்கு விரிவதால், அப்படிச் செய்தால் போஸ்ட் இன்னும் இறுகத்தான் செய்யும், அசிட்டோன் இருக்கும் இடத்தில் தீயும் ஆபத்து. எனவே அதற்கு நேர்மாறாகச் செய்தோம். வெளியே நீட்டிக்கொண்டிருந்த போஸ்ட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் பையில் பனிக்கட்டியை அரை மணி நேரம் கட்டிவைத்தோம். உப்புப் போட்டால் இன்னும் குளிரும் என்று அண்ணன் சொன்னார், ஆனால் இந்த பிரேமுக்கு இனி ஒரு சிட்டிகை உப்பும் காட்டுவதாக இல்லை. பிறகு சீட் டியூபின் மேல்பகுதியில் துணியைச் சுற்றிக் கொதிக்கும் நீரை ஊற்றினோம். குழாய் 50 டிகிரி சூடாகி, போஸ்ட் 20 டிகிரி குளிர்ந்தால் கிடைக்கும் இடைவெளி ஏறக்குறைய 0.03 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதுவும் சில நொடிகளே நிற்கும், ஏனென்றால் சூடு உடனே போஸ்ட்டுக்குப் பரவிவிடும். அதனால் நீரை ஊற்றிய கையோடு தள்ள வேண்டும்.

மூன்றாம் முறை ஊற்றியபோது "டக்" என்று காய்ந்த மரம் முறிவது போன்ற சத்தம் வந்தது. கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன்: காலரில் கீறல் 2 மில்லிமீட்டர் விலகியிருந்தது, திரும்பவில்லை. வைஸ் பக்கத்துக் கீறல் போட்டபடியே நேராக இருந்தது. அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் செய்யாமல், எண்ணெய் விட்டுப் பிரேமை அப்படியே பட்டறையில் வைத்துவிட்டு வந்தேன்.

நேற்று மிச்ச வேலை இரண்டு மணி நேரம் பிடித்தது. அசைந்துவிட்டதே என்று ஒரே திசையில் திருப்பிக்கொண்டே போனால் உதிர்ந்த தூள் அரைபட்டு மறுபடியும் கடித்துவிடும். அதனால் கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, எண்ணெய், பிரேமைச் சற்று மேலே தூக்குதல் என்ற வரிசையிலேயே போனோம். கிறீச்சென்ற சத்தம் உலர்ந்து கரகரத்தால் எண்ணெய் போதவில்லை என்று தெரிந்துகொண்டு நிறுத்தினோம். சாம்பல் நிறப் பசை காலரிலிருந்து பிதுங்கி வந்துகொண்டே இருந்தது. கடைசி 3 சென்டிமீட்டர்தான் மிகக் கடினம். வெளியே வந்தபின் பார்த்தால் போஸ்ட்டின் அடிமுனையைச் சுற்றிக் கெட்டியான வெள்ளை வளையம் ஒன்று இருக்கிறது, அதற்குக் கீழே அலுமினியம் அம்மைத் தழும்பு போலக் குழி விழுந்திருக்கிறது. ஆறாம் நாள் கீறல் சொன்னதும் இதைத்தான்.

இது நடக்காமல் போயிருந்தால் போஸ்ட்டை அறுத்துவிட்டு, உள்ளிருந்து ஆக்சா பிளேடால் நீளவாக்கில் பிளந்து எடுக்கலாம் என்று வைத்திருந்தேன். காஸ்டிக் சோடா ஊற்றி அலுமினியத்தையே கரைக்கும் முறையும் உண்டு. எஃகை அது தொடாது, ஆனால் கடுமையாகச் சூடேறி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும் அந்தக் கரைசலைக் குறுகிய குழாய்க்குள் வைத்து வேலை செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இப்போது சீட் டியூபின் உட்சுவரைச் சுத்தம் செய்ய வேண்டும். வாகனங்களின் பிரேக் சிலிண்டரைத் தேய்க்கும் மூன்று கல் ஹோன் ஒன்றை அண்ணன் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அது கிடைக்கும்வரை பிளந்த மரக்குச்சியில் 220 எமரித் தாளைச் சொருகித் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், கைக்குப் பழுப்புத் துரு மட்டுமே வருகிறது, குழி எதுவும் படவில்லை. போஸ்ட்கள் 0.2 மில்லிமீட்டர் படிகளில் வருகின்றன என்பதால், துளையை வெர்னியரில் அளந்து முடிக்காமல் புதியதற்கு ஆர்டர் கொடுக்கப் போவதில்லை. அதற்குள் ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மையும் தொட்டுப் பார்த்தேன். அதுவும் எஃகு ஃபோர்க்குக்குள் நிற்கும் அலுமினியம், அதே உப்புக் காற்றில் இருந்தது. போல்ட்டைத் தளர்த்தித் தட்டியதும் கொஞ்சம் அசைந்தது. கீறல் போட்டுப் பார்த்ததில், திரும்பவில்லை.