விளக்கை அணைக்காமல் எடுத்த படம்

கண் கிளினிக்கின் இணையதளத்தில் முதலில் தெரிவது நாங்கள் எடுத்த அந்தப் படம்தான். மேல்விளக்கு முழுசாக எரிகிறது. கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியில் ஒரு அம்மா தாடையை வைத்திருக்கிறார். எதிரே கண்ணைப் பரிசோதிக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட், நம் பக்கம் திரும்பிச் சிரிக்கிறார்.

"சார், இவ்வளவு வெளிச்சத்துல எனக்குக் கண்ணுல ஒண்ணும் சரியாத் தெரியாது" என்று ஆப்டோமெட்ரிஸ்ட் அப்போதே சொன்னார். "படத்துக்குத்தானே மேடம்" என்றேன்.

அவர் சொன்னதுதான் சரி. ஸ்லிட் லேம்ப் மெல்லிய ஒளிக்கீற்றைச் சாய்வாகக் கண்ணில் விழ வைக்கும். கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் கார்னியாவை அந்தக் கீற்று வெட்டிக் காட்டுவது, அறை மங்கலாக இருந்தால்தான் தெளிவாகத் தெரியும். அதனால்தான் விளக்கை அணைக்கிறார்கள். கீற்று கண்ணில் விழும்போது பரிசோதிப்பவர் லென்ஸிலிருந்து முகத்தை எடுத்து யாரையும் பார்த்துச் சிரிக்கவும் மாட்டார்.

இன்னொரு பிழையும் இருக்கிறது. தாடை தாங்கியின் பக்கக் கம்பியில் ஒரு கோடு உண்டு. கண்ணின் வெளிமூலை அதற்கு நேராக இருக்க வேண்டும். படத்தில் கண் அந்தக் கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழே இருக்கிறது. தாங்கியை உயர்த்தாமல் இப்படியே பார்த்தால், கருவியை ஏற்றி இறக்கும் ஜாய்ஸ்டிக்கை எவ்வளவு திருகினாலும் ஒளி கண்ணுக்கு வந்து சேராமல் போகலாம். அந்த அம்மா கழுத்தை நீட்டுவார், நெற்றி பட்டையை விட்டு விலகும், ஃபோகஸ் போய்விடும்.

அறையை இருட்டாக்கியும் எடுத்தோம். ட்ரைபாடில் கேமரா, ஐ.எஸ்.ஓ. 800, ஷட்டர் 1/15 நொடி. கீற்று அருமையாக வந்தது, முகங்கள் கறுத்துப் போயின. விசாரணை அறை மாதிரி இருந்தது. பின்சுவரில் ஒரு விளக்கின் ஒளியைப் பட்டுத் தெறிக்க விட்டதும் முகம் நீலம் பாய்ந்தது. ஸ்லிட் லேம்பின் ஹாலோஜன் மஞ்சள், எங்கள் விளக்கு வெண்ணீலம். மஞ்சள் பல்பு மாற்றியிருந்தால் சரியாகியிருக்கும். அதற்குள் அந்த அம்மாவுக்குக் கண்ணில் நீர் வழிந்தது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நடுவில் ஒளியைக் குறைத்திருக்க வேண்டும், குறைக்கவில்லை. அதோடு நிறுத்தியது தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

பயந்து வருகிறவருக்கு வெளிச்சமான அறை ஆறுதல்தானே என்றும் தோன்றுகிறது. ஆனால் படத்தை நம்பி வந்தவர் உட்கார்ந்ததும் விளக்கு அணையும், கண்ணில் ஒளி பாயும். அப்போது அவர் என்ன நினைப்பார்?

பரிசோதனையில் வெளிச்சம் நிஜமாகவே இருக்கும் நேரம் ஒன்று உண்டு. விளக்கை அணைப்பதற்கு முன், தாங்கியைத் துடைத்து, திருகி உயர்த்தும் நேரம். "அம்மா, தாடையை இதுல வைங்க, நெத்தியை ஒட்டிக்குங்க. இப்ப லைட்டை அணைக்கப் போறேன், வெளிச்சம் கொஞ்சம் கூசும், வலிக்காது" என்று அந்த ஆப்டோமெட்ரிஸ்ட் சொன்னதும் அப்போதுதான். அந்த நொடியில் வெளிச்சம் பார்க்க ஒரு ஷாட் எடுத்திருந்தோம். அவருடைய கை திருகில் இருக்கிறது, பார்வை அந்த அம்மாவின் முகத்தில். விரல்கள் மட்டும் சற்றே அசைந்திருக்கின்றன. தேர்வுக்கு அனுப்பிய படங்களில் அதை நான் சேர்க்கவில்லை.