ஒரே பெட்டி, ஒரு மூடி, மூன்று குழாய்: 8 அங்குல ஊஃபரில் பேஸ் எப்படி மாறுகிறது

காற்றுப் புகாமல் மூடிய சீல்டு பெட்டி நல்லதா, குழாய் வழியே காற்று போய்வரும் போர்ட் பெட்டி நல்லதா என்ற விவாதம் பெரும்பாலும் இரண்டு வெவ்வேறு ஊஃபர், இரண்டு வெவ்வேறு பெட்டியை வைத்து நடக்கிறது. அதில் எதுவும் தெளிவாகாது. அதனால் இங்கே பெட்டி ஒன்று, ஊஃபர் ஒன்று. மாறியது முன்பலகையில் இருக்கும் 75 மி.மீ. பி.வி.சி. குழாயின் நீளம் மட்டும்தான். குழாய்க்கு மூடி போட்டால் அதே பெட்டி சீல்டு ஆகிவிடும்.

சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் ஊஃபர்களில் பலவற்றுக்கு, பெட்டியைக் கணக்கிடத் தேவையான தீல்-ஸ்மால் அளவுகள் எழுதிய தாள் வராது. அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் வாட்ஸை வைத்து எதையும் கணக்கிட முடியாது. எனவே முதலில் ஊஃபரை அளந்தாக வேண்டும். இந்த 8 ஓம் ஊஃபருக்கு வந்தவை: திறந்த வெளியில் ஒத்ததிர்வு 38 ஹெர்ட்ஸ், கோனின் ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று சொல்லும் க்யூடிஎஸ் 0.38, கோன் தொங்கலின் நெகிழ்வுக்குச் சமமான காற்றின் அளவான விஏஎஸ் 36 லிட்டர். க்யூடிஎஸ் 0.4-ஐ ஒட்டி இருப்பதால் இரண்டு வகைப் பெட்டிக்கும் இது ஒத்துவரும். 0.6, 0.7 என்று வந்திருந்தால் போர்ட் பக்கமே போக வேண்டாம். அப்படிப்பட்ட ஊஃபர் இந்த அளவு போர்ட் பெட்டியில் கட்டுப்பாடில்லாமல் முழங்கும்.

பெட்டி 18 மி.மீ. மரைன் பிளைவுட். உள் அளவு 25 × 45 × 29 செ.மீ., அதாவது 32.6 லிட்டர். ஊஃபரின் காந்தமும் கூடையும் சுமார் 1 லிட்டர், உள்ளே நிற்கும் குழாய் 0.9 லிட்டர், குறுக்குக் கட்டை 0.7 லிட்டர். இவை போக மிச்சம் 30 லிட்டர். இந்தக் கழித்தலை மறந்தால் பிறகு வரும் கணக்கு எல்லாமே தப்பும். சென்னைக் காற்றின் ஈரத்துக்குச் சாதாரண எம்.டி.எஃப். ஓரங்களில் ஊதிக்கொள்ளும் என்பதால்தான் மரைன் பிளை. ஆனால் அதிலும் வெட்டிய விளிம்பில் நடு அடுக்குகளுக்கிடையே ஓட்டை இருக்கலாம். எம்-சீல் வைத்து அடைக்காவிட்டால் காற்று அதன் வழியே போகும். கசிவைக் கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும்: 30 ஹெர்ட்ஸ் டோனை மெல்ல ஓடவிட்டு மூட்டுகளின் ஓரமாகப் பத்தியைக் கொண்டுபோனால், கசியும் இடத்தில் புகை துடிக்கும்.

குழாய் நீளத்துக்கான சூத்திரம் இது. நீளம் L-உம் உள்விட்டம் D-உம் சென்டிமீட்டரில், கொள்ளளவு Vb லிட்டரில், குழாய்க் காற்று ஒத்ததிரும் அதிர்வெண்ணான டியூனிங் Fb ஹெர்ட்ஸில்:

```
L = 23562.5 × D² ÷ (Fb² × Vb) − 0.732 × D
```

75 மி.மீ. என்பது குழாயின் வெளிவிட்டம். உள்ளே வெர்னியர் வைத்துப் பார்த்தால் 71 மி.மீ. சூத்திரத்தில் 7.1 போட வேண்டும், 7.5 அல்ல. 30 லிட்டருக்கு, 45 ஹெர்ட்ஸ் டியூனிங்குக்கு 14.4 செ.மீ., 38-க்கு 22.2 செ.மீ., 32-க்கு 33.5 செ.மீ. வேண்டும். கடைசியாகச் சொன்ன நீளக் குழாய் 29 செ.மீ. ஆழத்தில் நிற்காது. சோதனைக்கு மட்டும் மிச்சத்தை முன்பக்கம் வெளியே நீட்டிவிட்டோம். டியூனிங் அதனால் பெரிதாக மாறாது, பார்க்கத்தான் பீரங்கி மாதிரி இருக்கும். குழாயின் உள் முனைக்கும் பின்பலகைக்கும் இடையே குறைந்தது ஒரு விட்டம், அதாவது 7 செ.மீ., இடைவெளி வேண்டும். நெருங்கினால் குழாய் நீண்டதுபோல் நடந்து டியூனிங் இறங்கிவிடும்.

கணக்கு சொன்னது நடக்கிறதா என்று பார்க்க ஆம்பிலிருந்து ஊஃபருக்குப் போகும் வயரில் 100 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, போனில் டோன் ஜெனரேட்டர் ஆப்பை ஓடவிட்டு, ஊஃபர் முனைகளில் ஏ.சி. வோல்ட்டை அளக்க வேண்டும். ஆம்ப் 5 வோல்ட் கொடுத்தால் மேடு இல்லாத இடங்களில் மீட்டரில் அரை வோல்ட்டுக்குள்தான் வரும். மலிவான மஞ்சள் மல்டிமீட்டரில் ஏ.சி. 200 வோல்ட்டில்தான் தொடங்கும், எதுவும் தெரியாது. மில்லிவோல்ட் படிக்கும் மீட்டர் தேவை. 15 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொன்றாக நகர்த்தி எழுதிக்கொண்டால் போதும். சீல்டு பெட்டியில் ஒரே ஒரு மேடு வரும். போர்ட் பெட்டியில் இரண்டு மேடும் நடுவே ஒரு பள்ளமும் வரும். அந்தப் பள்ளம் விழும் இடம்தான் டியூனிங்.

முதலில் மூடி போட்டுச் சீல்டு. கணக்குப்படி மேடு 56 ஹெர்ட்ஸில் வர வேண்டும், வந்தது 58. தலையணைப் பஞ்சு மாதிரியான பாலியஸ்டர் பஞ்சை 400 கிராம் தளர்வாக நிரப்பியதும் 54-க்கு இறங்கியது. பெட்டியில் வைத்தபின் ஊஃபரின் க்யூ 0.56. அதனால் பேஸ் எங்கும் வீங்காது, ஆனால் சீக்கிரமே சரியத் தொடங்கிவிடும்: 74 ஹெர்ட்ஸில் 3 டெசிபல், 40-ல் எட்டரை டெசிபல் குறைவு. பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்தச் சுரம் கேட்கும், ஆனால் வயிற்றில் விழாது. மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் இந்தப் பெட்டியில் குறையே தெரியவில்லை. அடி விழுந்த கணமே நிற்கிறது.

அடுத்து பஞ்சை எடுத்துவிட்டு, சுவர்களில் மட்டும் ஒரு அங்குலம் ஒட்டி, 22 செ.மீ. குழாய். பஞ்சு குழாய் வாய்க்கு முன்னால் இருந்தால் பள்ளம் ஆழமில்லாமல் மழுங்கிப்போகும். போர்ட் பாதி அடைபட்டதற்குச் சமம். பள்ளம் 37 ஹெர்ட்ஸில் விழுந்தது, இரண்டு மேடுகளும் கிட்டத்தட்ட ஒரே உயரம். டியூனிங் ஊஃபரின் சொந்த ஒத்ததிர்வை ஒட்டி இருந்தால் அப்படித்தான் வரும். டியூனிங் கீழே போனால் வலது மேடு உயரும், மேலே போனால் இடது மேடு. இந்தக் குழாயில் 40 ஹெர்ட்ஸ் வாக்கில்தான் 3 டெசிபல் குறைகிறது. அதாவது பேஸ் கிட்டாரின் கடைசிக் கம்பிக்குச் சீல்டு பெட்டியைவிட ஐந்து டெசிபல் கூடுதல். ஆம்ப் வாட்ஸில் சொன்னால் மூன்று மடங்குக்கு மேல்.

ஆனால் அது இலவசம் இல்லை. சீல்டு பெட்டி ஒரு ஆக்டேவுக்கு 12 டெசிபல் வீதம் சரிகிறது, போர்ட் பெட்டி 24 வீதம். கணக்கில் இரண்டும் 25 ஹெர்ட்ஸில் சந்திக்கின்றன. அதற்குக் கீழே சீல்டுதான் முன்னே. அதோடு, டியூனிங் அதிர்வெண்ணில் வேலையைக் குழாய்க் காற்றுதான் செய்கிறது, கோன் ஏறக்குறைய நிற்கும். 37 ஹெர்ட்ஸ் டோனில் கோனை விரலால் மெல்லத் தொட்டால் இது தெரியும். 25-க்கு இறக்கினால் அதே வால்யூமில் கோன் தாறுமாறாக ஓடும். கோனுக்குப் பின்னால் அழுத்தமே இல்லை. குழாய் வழியே காற்று சும்மா போய்வருகிறது. டப் டப் என்று சத்தம் கேட்டால் வாய்ஸ் காயில் பின்தட்டில் இடிக்கிறது, உடனே நிறுத்த வேண்டும். கணினியிலிருந்து பாட்டு ஓடுவதால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மென்பொருளில் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே குறைக்கும் ஒரு வரி சேர்த்தாயிற்று:

```
Filter 1: ON HP Fc 30 Hz
```

இப்போது 14.4 செ.மீ. குட்டைக் குழாய். பள்ளம் 44-ல். முதல் பத்து நிமிடம் கேட்டவர்கள் எல்லாரும் "இதுதான் பேஸ்" என்று சொல்லும் டியூனிங் இது. காரணமும் எளிது: 55 முதல் 60 ஹெர்ட்ஸில் 22 செ.மீ. குழாயைவிட ஏறக்குறைய 2 டெசிபல் தூக்கலாக இருக்கும். கிக் டிரம் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் 30 ஹெர்ட்ஸில் இது சீல்டு பெட்டியைவிடவும் ஒரு டெசிபல் கீழே. ஆழம் கூடவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

அறை இதை இன்னும் கெடுக்கிறது. 10-க்கு 12 அடி, நாலு பக்கமும் பூசிய சுவர், மேலே கான்கிரீட் தளம் என்ற நம் ஊர் அறையில் 12 அடி நீளம் 48 ஹெர்ட்ஸிலும் 10 அடி அகலம் 57 ஹெர்ட்ஸிலும் தானே முழங்கும். குட்டைக் குழாயின் தூக்கல் நேராக அங்கே போய் விழுகிறது. விளைவு: எந்தப் பாட்டு போட்டாலும் பேஸ் ஒரே சுரத்தில் ஊமைக் கொட்டாகக் கேட்கும். இதைச் சோதிக்க 40-லிருந்து 70 வரை டோனை மெல்ல நகர்த்தி, உட்காரும் இடத்தில் போன் மைக்கில் அளவைப் பார்க்கலாம். போன் மைக் பேஸைக் குறைத்துத்தான் காட்டும், ஆனால் ஒரே இடத்தில் வைத்து ஒரு குழாயை இன்னொன்றோடு ஒப்பிட அது போதும்.

34 செ.மீ. குழாய் இதற்கு நேர் எதிர். பள்ளம் 31-ல். 60 ஹெர்ட்ஸிலேயே 2 டெசிபல் இறங்கத் தொடங்கி, 40-ல் 4 டெசிபல், 30-ல் எட்டுக்குள் என்று சாய்வாகப் போகிறது. வெளியே வைத்துக் கேட்டால் பேஸ் குறைவு என்று தோன்றும். சுவர் ஓரம் வைத்தால் அறையின் தூக்கல் இந்தச் சாய்வை நிரப்பிவிடுகிறது. இந்த அறைக்கு எங்கள் கணிப்பில் சிறந்தது இதுதான். ஆனால் உள்ளே அடங்காது, எல்போ போட்டு மடக்க வேண்டும். அதனால் 22 செ.மீ. குழாயே நிற்கிறது.

மூன்று குழாயிலும் பள்ளம் கணக்கைவிட ஒரு ஹெர்ட்ஸ் வரை கீழேதான் விழுந்தது. சுவர்ப் பஞ்சு பெட்டியைச் சற்றுப் பெரிதாகக் காட்டுவது ஒரு காரணம். ஏப்ரல் வெயிலில் ஒலி வேகமாகப் போவதால் டியூனிங் 2 சதவீதம் ஏற வேண்டும், ஆனால் பஞ்சின் கை ஓங்கிவிட்டது. 22 செ.மீ. வாக்கில் ஒரு சென்டிமீட்டர் வெட்டினால் முக்கால் ஹெர்ட்ஸ் ஏறும். வெட்டியதை ஒட்ட முடியாது, ஆகவே எப்போதும் 2 செ.மீ. கூட வைத்து வெட்டி, அளந்து, பிறகு குறைக்க வேண்டும்.

உள்விட்டம் 50 மி.மீ. உள்ள குழாய் போட்டால் 10 செ.மீ. நீளத்திலேயே 38 கிடைக்குமே என்று தோன்றும். கிடைக்கும். ஆனால் ஒரு மீட்டரில் 100 டெசிபல் சத்தத்துக்கு 71 மி.மீ. துளையில் காற்று விநாடிக்கு 16 மீட்டர் வேகத்தில் போகிறது. 17-ஐத் தாண்டினால் புஸ் புஸ் சத்தம் தொடங்கும் என்பது பொதுவான வரம்பு. 50 மி.மீ.யில் அந்த வேகம் இரட்டிப்பு. வாயை உப்புத்தாளால் உருட்டிவிட்டால் கொஞ்சம் குறையும், தீராது.

இரண்டாவது பெட்டியை அதே அளவில் செய்து 22 செ.மீ. குழாய் போட்டபோது பள்ளம் 38-ல் விழுந்தது. மூலைகளில் வலுவுக்காக ஒட்டிய 5 × 5 செ.மீ. ரீப்பர் மொத்தம் 60 செ.மீ. நீளம், அதாவது ஒன்றரை லிட்டர். அது கணக்கில் வரவில்லை. 23.5 செ.மீ.க்குப் புதுத் துண்டு வெட்டிப் போட்டதும் 37.